மொழிபெயர்ப்பவர் எந்த ஊர்க்காரர்?

மொழி தெரியாத ஊரில் நேர்காணல் எடுப்பது பற்றி ஆவணப்பட நண்பர்கள் பேச ஆரம்பித்தால், சீக்கிரமே ஓர் அறிவுரையில் வந்து நிற்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளராகப் பிடி. சொன்னதைச் சொன்னபடி சொல்பவராக இருக்கட்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, நடுவில் ஓர் ஆள் இருப்பதே தெரியக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். சுந்தரவனத்தில் படம் எடுத்துவிட்டு வந்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை. அறிவுரை தப்பு என்று சொல்லவில்லை. அது ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். படப்பிடிப்பு முடிந்து நாம் மூட்டை கட்டிக் கிளம்பிய பிறகு அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கே இருப்பார்? நம்மோடு வண்டி ஏறுவாரா, அல்லது அதே ஊரில், நாம் பேட்டி எடுத்தவர்களுக்கு நடுவிலேயே இருப்பாரா? ஒரு மூன்று நிமிடப் பதில் பத்து வினாடித் தமிழாகச் சுருங்கி வரும்போது, அது திறமைக்குறைவா வேறு ஏதாவதா என்று புரிந்துகொள்ள இந்தக் கேள்வி இல்லாமல் முடியாது.

படம் தொடங்கியது சென்னையில்தான். புறநகர்க் கட்டட வேலைகளில் வங்காளம் பேசும் இளைஞர்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் சுந்தரவனத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். 2009 மே 25 அன்று அய்லா புயல் அடித்தபோது கரைகள் உடைந்து வயல்களுக்குள் உப்புநீர் புகுந்தது; அதற்குப் பிறகு பல இடங்களில் சில ஆண்டுகள் நெல் விளையவில்லை. ஆண்கள் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அந்தமானுக்கும் கிளம்பினார்கள். போக முடியாதவர்கள், போக விரும்பாதவர்கள் காட்டு ஓடைகளில் நண்டும் மீனும் பிடிக்கப் போனார்கள். சித்திரை வைகாசியில் தேன் எடுக்கப் போனார்கள். இந்த இரண்டு வகை ஆண்களின் வீட்டுப் பெண்களைப் பற்றியதுதான் எங்கள் படம். இரண்டாவது வகையில், புலி அடித்து இறந்தவர்களின் மனைவிகளும் உண்டு. அங்கே அவர்களுக்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது: பாக் பிதோபா, புலி விதவை. சியால்தாவில் ரயில் ஏறி கேனிங்கில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் கோத்காளி படித்துறை, ஆற்றைக் கடந்தால் கோசாபா. அதற்கு அப்பால் பொட்பொட்டி என்று அவர்கள் அழைக்கும் டீசல் படகு. தீவின் பெயரை எழுதவில்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சுந்தரவனம் 1973 முதல் புலிகள் காப்பகம். அதன் உட்காட்டுக்குள், அவர்கள் வாயில் ‘கோர்’, யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. வெளிக்காட்டில் அனுமதிச்சீட்டோடு மீன், நண்டு பிடிக்கலாம். ஆனால் அதற்குப் படகுக்கு ஓர் உரிமம் வேண்டும், ‘பி.எல்.சி’ என்பார்கள். உரிமங்களின் எண்ணிக்கை குறைவு, படகோட்டிகள் அதிகம். அதனால் உரிமம் வைத்திருப்பவர் அதை அந்தப் பருவத்துக்கு இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது சாதாரணம். ஆள் இறந்துவிட்டால், எந்த இடத்தில் இறந்தார், யாருடைய உரிமத்தில் போனார், சீட்டில் பெயர் இருந்ததா என்பதெல்லாம் இழப்பீட்டோடு ஒட்டிக்கொண்ட கேள்விகள். உட்காட்டில் நடந்த சாவை வெளியே சொல்லாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. நம் ஊரில் “எங்கே நடந்தது?” என்பது துக்கம் விசாரிக்கும்போது இயல்பாகக் கேட்கும் கேள்வி. அங்கே அதற்குள் சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, படகுக்காரர் இருக்கிறார்.

காதுக்குள் ஒரு குரல்

முதல் தடவை கொல்கத்தாவிலிருந்து ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு போனோம். கருத்தரங்குகளில் பழகியவர், வங்காளம் பேசப் பேசவே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகக்கூடியவர். அதற்கு ஏற்றபடி ஏற்பாடு செய்தோம். பேசுபவரின் சட்டையிலோ சேலையிலோ ஒரு சிறிய ஒயர்லெஸ் மைக். ஒலிப்பதிவாளரின் மிக்சரிலிருந்து அந்த ஒலி மொழிபெயர்ப்பாளரின் ஹெட்போனுக்குப் போகும். அவர் பதினைந்து இருபது அடி தள்ளி, வீட்டின் பக்கவாட்டில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் மொழிபெயர்ப்பார். அது இன்னொரு மைக் வழியாக என் காதில் செருகியிருக்கும் இயர்போனுக்கு வரும். நான் கேமரா லென்சை ஒட்டி உட்கார்ந்து கேட்பேன். பேசுபவர் என்னைப் பார்த்துப் பேசுவார், கண் லென்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்புக் குரல் பதிலின் மேல் ஏறாது. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் குறையே இல்லை. ஐந்தாறு நேர்காணல்கள் அப்படித்தான் எடுத்தோம், ஒலி சுத்தமாக இருந்தது.

பதில்கள்தான் குட்டையாக இருந்தன. எனக்கு அர்த்தம் வந்து சேர மூன்று நான்கு வினாடி பிந்தும். அவர்கள் கண் கலங்கும்போது நான் முந்தைய வாக்கியத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அவர்கள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சிரிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். தான் சொல்வது புரியாத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவரால் எவ்வளவு நேரம் மனம்விட்டுப் பேச முடியும்? இரண்டாவது கேள்வியிலேயே ஒரு மனு கொடுக்கும் குரல் வந்துவிடும். கஷ்டம், அரசாங்கம் உதவவில்லை, பிள்ளைகள் படிக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் எந்தப் பத்திரிகைக்காரர் போனாலும் கிடைக்கக்கூடிய உண்மை. மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு சொல்லைக்கூட அவர் தவறவிட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பு முழுமையாக இருந்தது, மொழிபெயர்க்கத்தான் பெரிதாக ஒன்றும் இல்லை.

லென்சுக்குப் பக்கத்தில் அவர், பின்னால் நான்

எங்களுக்குப் படகும் சாப்பாடும் ஏற்பாடு செய்த அந்தத் தீவுப் பையன் சென்னைப் புறநகரில் சில ஆண்டுகள் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் மேஸ்திரி தமிழ். “அக்கா, பலகை வழுக்கும், பாத்து கால வைங்க” என்று அவர் சொன்னபோது எங்கள் ஒளிப்பதிவாளர் ஒரு நிமிடம் ஊரையே மறந்துவிட்டார். பையன் என்று எழுதுகிறேனே தவிர கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. நாங்கள் தம்பி என்றே கூப்பிட்டோம். படப்பிடிப்பு இல்லாத ஒரு சாயங்காலம் கரைமேட்டில் உட்கார்ந்திருந்த பெண்களோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். காலையில் கேமரா முன் மூன்று வாக்கியம் பேசியவர் அங்கே கைகளை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முடிவு செய்தோம், அடுத்த தடவை தம்பிதான் என்று. வங்காளத்திலிருந்து நேராகத் தமிழ், நடுவில் ஆங்கிலம் கிடையாது என்பது கூடுதல் வசதி.

அவரை வைத்து வேலை செய்ய ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது. காதில் கிசுகிசுக்கும் வேலை அவருக்கு வராது. அது தனித் திறமை, ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு மொழியில் பேசப் பல வருடப் பழக்கம் வேண்டும். அதனால் தம்பியை லென்சுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இதில் முதலில் சரியாக வேண்டியது கண் பார்வை. மனிதர்கள் தமக்குப் புரியும் ஆளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இயக்குநர் லென்சின் இடப்பக்கமும் மொழிபெயர்ப்பாளர் வலப்பக்கமும் உட்கார்ந்தால், பேசுபவரின் கண்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறுக்கே ஓடும். படத்தில் அவர் எதையோ ஒளிக்கிறார் என்பதுபோல் தெரியும். இருவரும் ஒரே பக்கத்தில், முன்னும் பின்னுமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தம்பிக்கும் ஒரு மைக் குத்தி அதைத் தனி ட்ராக்கில் பதிந்தோம். எடிட்டிங்கில் அவர் தமிழில் சொல்லும் சுருக்கம் ஒரு முதல் வழிகாட்டியாக இருக்கும், வேண்டாத இடத்தில் அந்த ட்ராக்கை அப்படியே அணைத்துவிடலாம்.

முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பேசுவோம். கேள்விகளை எழுதிக் கொடுத்து வங்காளத்தில் மாற்றச் சொன்னால் அவை பள்ளிக்கூடக் கேள்வியாகிவிடுகின்றன. நான் என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று மட்டும் சொல்வேன், எப்படிக் கேட்பது என்பது அவர் பாடு. “பயமா இருந்ததா?” மாதிரிக் கேள்விகளுக்கு மட்டும் தடை. ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும், நம் குரலை வெட்டி எடுத்துவிட்டால் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தமும் இருக்காது. “அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்” என்றால் பதில் தன் காலில் நிற்கும். பேச்சு ஓடும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்ப்பதில்லை. ஐந்து நிமிடமோ எட்டு நிமிடமோ ஓடட்டும், ஓர் இடம் வந்து அவர்களே மூச்சு விட்டு நிற்கும்போது தம்பி என் பக்கம் சாய்ந்து சுருக்கமாகச் சொல்வார், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு இடையில் நான் ஏதாவது கேட்க நினைத்தால் அவர் முதுகில் விரலால் ஒரு தட்டு. ஒரு தட்டென்றால் இதையே இன்னும் கேள், இரண்டு தட்டென்றால் நிறுத்தி எனக்குச் சொல். ‘அவர்’ என்று சொல்லாமல் ‘நான்’ என்றே மொழிபெயர்க்கச் சொன்னேன். தொழில்முறை ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். அது மட்டும் தம்பிக்குக் கடைசிவரை வரவில்லை. நானும் இரண்டு நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் ஏன் ‘நான்’ சொல்லத் தயங்கினார் என்பது அப்புறம்தான் விளங்கியது.

இந்த ஏற்பாட்டில் இயக்குநர் அனுபவிக்கும் ஒரு வேதனையைச் சொல்ல வேண்டும். எட்டு நிமிடம் ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சும்மா இருக்கும் அந்த நேரத்தில் காது வேறு விதமாகக் கூர்மையாகிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண்கள், ஆங்கிலச் சொற்கள் இவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சுற்றி நிற்பவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சட்டென்று அமைதியாகிறார்கள் என்பதும் தெரியும். நான் ஒரு சின்னக் குறிப்பேட்டில் இவற்றை டைம்கோடோடு குறித்துக்கொண்டே இருப்பேன். பிறகு தம்பி சொல்லும் தமிழில் அந்தப் பெயர்களும் எண்களும் வருகின்றனவா என்று பார்ப்பேன். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பைச் சோதிக்க அந்த இடத்திலேயே கையில் இருப்பது இது ஒன்றுதான்.

ஒரு மதியம்

அந்த அம்மாவின் கணவர் நண்டு பிடிக்கப் போய் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பிக்கு அவர் ‘காகிமா’, சித்தி முறை. ஓதம் வற்றிய நேரமாகப் பார்த்து வைத்திருந்தோம். ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் பொட்பொட்டிகளின் சத்தம் குறையும். மண் திண்ணையில் அவர், வாசற்படியில் மகள், முற்றத்தில் அக்கம்பக்கத்தவர் பத்துப் பேர். அந்தக் காலையைப் பற்றித் தம்பி கேட்டார். அவர் ஆறேழு நிமிடம் நிறுத்தாமல் பேசினார், குரல் உயரவும் இல்லை, அழவும் இல்லை. பேச்சின் நடுவில் ‘பர்மிட்’ என்று கேட்டது. பிறகு ‘கோர்’. பிறகு இரண்டு தடவை ‘பி.எல்.சி’, அதோடு ஓர் ஆள்பெயர். ஆற்றுக்கு அப்பால் தெற்கே கையை நீட்டிக் காட்டினார். முற்றத்தில் முணுமுணுப்பு நின்றது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

தம்பி திரும்பி என்னிடம் சொன்னது இது: “அன்னைக்குக் காலைல மூணு பேரு போனாங்க அக்கா, நண்டு பிடிக்க. ரெண்டு பேரு திரும்பி வந்தாங்க. இவங்க வீட்டுக்காரர் வரல.” ஒரு தட்டு தட்டினேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார், அது பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது என்பது ‘இஸ்கூல்’ என்ற சொல்லிலேயே தெரிந்தது. இரண்டு தட்டு தட்டினேன். அவர் நிறுத்தவில்லை. அங்கேயே தமிழில் “பர்மிட் பற்றி என்னவோ சொன்னாங்களே?” என்று கேட்டிருக்கலாம். ‘பர்மிட்’ என்ற சொல் தமிழிலும் ‘பர்மிட்’தான், முற்றம் முழுக்க அதைப் புரிந்துகொள்ளும். பேட்டியை அதன் போக்கில் முடிய விட்டோம்.

திரும்பி வரும்போது கரைமேட்டில் நடந்தபடியே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. “அங்க நின்னவங்கள்ல ரெண்டு பேரு கோயம்புத்தூர்ல வேல பாத்தவங்க அக்கா. நான் தமிழ்ல சொன்னா அவங்களுக்கும் தெரியும்.” எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “காகிமா அவங்க முன்னாடி வங்காளத்துலயே சொல்லிட்டாங்களே தம்பி, அப்புறம் என்ன?” அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “அவங்க சொன்னா அது அவங்க கதை. நான் திருப்பிச் சொன்னா, நான் சொன்னேன்னு ஆகும்.”

அந்த வாக்கியம் என்னை இன்னும் விடவில்லை. கருத்தரங்கு மேடையில் மொழிபெயர்ப்பவர் வெறும் வழி; அவர் வாயில் வரும் ‘நான்’ அவருடையது அல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த முற்றத்தில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. யாருடைய உரிமத்தில் யார் எங்கே போனார் என்பதைக் கேமரா முன்னால், வெளியூர்க்காரர்களிடம், ஓர் ஊர்க்காரர் தன் வாயால் சொல்வது சாட்சி சொல்வதாகிவிடுகிறது. காதில் குரல் வரும் ஏற்பாட்டில், பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்த கொல்கத்தாக்காரருக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. ஆனால் அவர் இருந்தபோது அந்த அம்மா ‘கோர்’ என்ற சொல்லைச் சொல்லியிருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். காகிமா பேசியது தம்பியிடம். தம்பியிடம் பேசியதால்தான் பேசினார்.

இரண்டாவது காது

எடிட்டிங்குக்கு முன்னால் எல்லா நேர்காணல்களையும் அந்தக் கொல்கத்தா மொழிபெயர்ப்பாளருக்கே அனுப்பினோம். நேரம் பொறிக்கப்பட்ட சின்ன அளவுக் கோப்புகள், மூன்று பத்திகள் கொண்ட தாள்: நேரம், பேசியது பேசியபடி, அதன் பொருள். இங்கே ஆங்கிலத்தில் பொருள் தந்தார், நான் தமிழில் மாற்றினேன். பேசியதை எங்கள் எடிட்டருக்காகத் தமிழ் எழுத்திலும் எழுதவைத்தோம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒருவருக்கு ஒரு முழு வேலைநாள் போய்விடும், பட்ஜெட் போடும்போது இதை எல்லோரும் மறக்கிறார்கள். ஆனால் அந்த நடுப்பத்தி இல்லாமல் வெட்டக்கூடாது. வங்காளத்தில் மறுப்பு வினைக்குப் பின்னால் வருகிறது. ‘ஜாபோ’ என்றால் போவேன், ‘ஜாபோ நா’ என்றால் போகமாட்டேன். எங்கள் எடிட்டர் ஓரிடத்தில் மூச்சு விடும் இடம் என்று நினைத்து அழகாக ஒரு வெட்டு வைத்திருந்தார். மகனைக் காட்டுக்கு அனுப்பமாட்டேன் என்ற தாய் அனுப்புவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சப்டைட்டில் என்னவோ சரியாகவே இருந்தது. வங்காளம் தெரிந்தவர் பார்த்தால்தான் படம் பொய் சொல்வது தெரியும். அதனால் மொழிபெயர்த்தவரை வெட்டு முடிந்த பிறகும் ஒரு தடவை, முழுப் படத்துக்கும் உட்காரவைக்க வேண்டும்.

காகிமாவின் அந்த ஆறு நிமிடங்கள் தாளில் வந்தன. வெளிக்காட்டில் நண்டு கிடைக்கவில்லை என்று மூவரும் உட்காட்டுக்குள் போயிருக்கிறார்கள். படகின் உரிமம் வாடகைக்கு எடுத்தது. சாவுக்குப் பிறகு உரிமக்காரர், அது என் சீட்டில் போன படகே இல்லை என்று சொல்லிவிட்டார். காகிதம் போடவே மாதக்கணக்கில் இழுத்திருக்கிறது. புலியை விட, காட்டை விட, அந்த மனிதர் மேல்தான் அவருக்கு ஆத்திரம். அந்த மனிதர் தம்பிக்கு நெருங்கிய உறவு. பருவத்தில் தம்பி வேலைக்குப் போகும் படகும் அவருடையதே. கரைமேட்டில் தம்பி என்னிடம் சொன்ன காரணம் பொய் இல்லை. ஆனால் அது முழுக் காரணமும் இல்லை.

இந்த இடத்தில் நண்பர்களிடம் சொன்னால் இரண்டு விதமாகப் பிரிவார்கள். உள்ளூர் ஆளை நம்பினால் இப்படித்தான் என்று ஒரு பக்கம். அவன் தன் மக்களைக் காப்பாற்றினான், அதுதான் அறம் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே வசதியான முடிவுகளாகப் படுகின்றன. தம்பி காப்பாற்றியது காகிமாவையா, உரிமக்காரரையா, தன்னையா என்று பிரிக்க முடியாது. அங்கே மூன்றும் ஒரே படகில் இருக்கின்றன. எனக்குப் பிடிபட்டது வேறு. எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதை முடிவு செய்ய உரிமை உள்ளவர் காகிமா மட்டுமே. நாங்கள் வாங்கிய சம்மதமோ தம்பி வழியாக வாங்கியது. வங்காளத்தில் அச்சடித்த படிவம், அவர் வாசித்துக் காட்ட, காகிமா கைநாட்டு வைத்தது. பேச்சை மொழிபெயர்ப்பவரும் சம்மதத்தை விளக்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த ஆள் விட்டுவிடும் எதைப் பற்றியும் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

மறுபடி போனபோது கொல்கத்தா மொழிபெயர்ப்பாளர் என்னோடு வந்தார். தம்பியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம், காகிமாவிடம் தனியாகப் பேசப்போகிறோம் என்று. அவர் தலையசைத்துவிட்டுப் படகிலேயே இருந்துகொண்டார். கேமரா இல்லை. காகிமா பேசிய அந்தப் பகுதியை லேப்டாப்பில் அவருக்குப் போட்டுக் காட்டி, இதைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்டோம். உட்காடு என்று சொன்னது இருக்கட்டும் என்றார், மனுவிலேயே அந்த இடத்தை எழுதித்தான் கொடுத்திருக்கிறேன், பஞ்சாயத்திலும் சொல்லிவிட்டேன், இனி யாரிடம் ஒளிக்க? உட்காட்டில் இறந்தாலும் இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருந்தது. அந்தச் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. உரிமக்காரரின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டோம். என் மகனும் அந்தப் படகில்தான் போகிறான், என்றார். எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது, பழக்கப்படி, ‘என் மகன்’ என்றே சொன்னார்.

ஆக, தம்பி போட்ட கோட்டுக்கும் காகிமா போட்ட கோட்டுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. பெயரை இருவருமே மறைத்தார்கள். ஆனால் உட்காட்டைப் பற்றிய பேச்சு படத்தில் இருக்கிறது, அந்த ஆத்திரமும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எங்கள் கையில் இருந்திருப்பது மூன்று பேர் போய் இரண்டு பேர் திரும்பிய கதை மட்டும். பெயர் வரும் இடத்தில் ஒலியை அணைத்தால் பார்ப்பவர்கள் உதட்டைப் படிப்பார்கள் என்று, அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் மகளின் முகத்தை வைத்தோம். மூலக் கோப்பிலும் அந்த இடம் குறிக்கப்பட்டு, படத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் போன பிரதியில் நீக்கப்பட்டது. படத்தில் மறைத்துவிட்டு வெட்டாத காட்சிகளை அப்படியே கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இப்போது ஒரு படத்துக்கு இரண்டு பேரை வைக்கிறேன். முற்றத்தில் உட்கார உள்ளூர்க்காரர். கேட்டு எழுத, வெட்டைச் சரிபார்க்க, சம்மதம் வாங்க, அந்த ஊரில் யாருக்கும் உறவில்லாத இன்னொருவர். இரண்டு பேரும் இருப்பது இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேவு பார்ப்பதாகிவிடும். உள்ளூர்க்காரரிடம் முதல் நாளிலேயே ஒன்று கேட்கிறேன்: நாங்கள் போன பிறகு இதைப் பற்றி உங்களிடம் யார் வந்து கேட்பார்கள்? அவர் சொல்லும் பெயர்களை வைத்து, எந்தெந்தப் பேச்சை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்று அப்போதே பேசிவைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட இடம் வந்தால் “இதை அப்புறம் பாருங்க அக்கா” என்று மட்டும் சொன்னால் போதும். நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன், மீதியை இரண்டாவது ஆள் பார்த்துக்கொள்வார். இதற்குச் செலவு கூடும். சின்னப் படங்களுக்கு இது பெரிய தொகைதான், வேறு எதையாவது குறைக்க வேண்டியிருக்கிறது. நான் ஒரு லென்சைக் குறைக்கிறேன்.

படம் முடிந்து பெயர்ப்பட்டியல் போடும்போது தம்பிக்குப் போன் செய்தேன். மொழிபெயர்ப்பு என்று தனிக் கார்டில் பெயர் வரும் என்றேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “படகு ஏற்பாடுன்னு போடுங்க அக்கா. யாராவது கேட்டா, அவங்க என்ன பேசினாங்கன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்.” அப்படியே போட்டோம். வவுச்சரில் மட்டும் மொழிபெயர்ப்பு என்று எழுதி, ஒளிப்பதிவு உதவியாளருக்குக் கொடுத்த அதே நாள் சம்பளத்தைக் கொடுத்தோம். இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். எந்தத் தீவு என்று எழுதாமல் இருந்தால் சரி, என்றார்.